29 எண்கள், மூன்று அளவுகள்: வரிசைப்படுத்திய பிறகு சராசரி, இடைநிலை, முகடு ஆகியவற்றைச் சரிபார்க்கும் முறை

கூட்டுச்சராசரி, இடைநிலை, முகடு மூன்றையும் கண்டுபிடிக்கத் தெரிந்தவர்கள்கூட, விடை சரிதானா என்று கேட்டால் அதே கூட்டலை அதே வரிசையில் இன்னொரு முறை போடுகிறார்கள். போன தடத்திலேயே திரும்பப் போனால் போன முறை விழுந்த பள்ளத்தில்தான் மறுபடியும் விழுவோம். சரிபார்ப்பு என்றால் வேறொரு வழியில் போய் அதே விடையை எட்டுவது. எண்களை ஏறுவரிசையில் அடுக்கிவிட்டால் அந்த வேறு வழிகள் தாமாகவே திறந்துவிடுகின்றன.

எடுத்துக்காட்டாக ஓர் உண்மையான தரவை எடுத்துக்கொள்வோம். 1798-ல் ஆங்கிலேய அறிவியலாளர் ஹென்றி கேவண்டிஷ் முறுக்குத் தராசு கொண்டு, பூமியின் அடர்த்தி தண்ணீரின் அடர்த்தியைப் போல் எத்தனை மடங்கு என்று அளந்து வெளியிட்ட 29 முடிவுகள் இவை. அவற்றின் சராசரி 5.48 என்று அவர் எழுதினார். அந்தச் சராசரியில் ஒரு பிழை இருக்கிறது. தாளும் பேனாவும் இருந்தால் அதை நாமே கண்டுபிடித்துவிடலாம்.

```
5.50 5.61 4.88 5.07 5.26 5.55
5.36 5.29 5.58 5.65 5.57 5.53
5.62 5.29 5.44 5.34 5.79 5.10
5.27 5.39 5.42 5.47 5.63 5.34
5.46 5.30 5.75 5.68 5.85
```

## 1. வரிசைப்படுத்தும் முன் செய்ய வேண்டியவை

முதலில் மூலப் பட்டியலுக்கு வரிசை எண் இடுங்கள். 1 முதல் 29 வரை ஒவ்வோர் எண்ணின் பக்கத்திலும் அதன் இடம் இருக்க வேண்டும். அடுக்கியபின் பழைய வரிசை அழிந்துவிடும். அந்த வரிசைக்குள் தகவல் இருக்கலாம். இந்தத் தரவில் முதல் ஆறு முடிவுகள் ஒரு கம்பியில் தராசைத் தொங்கவிட்டு எடுத்தவை. பிறகு கேவண்டிஷ் அதைவிட விறைப்பான கம்பியை மாட்டினார். மீதி 23 முடிவுகள் அந்தக் கம்பியில் கிடைத்தவை. வரிசை எண் இல்லாமல் அடுக்கிவிட்டால், எது எந்தக் கம்பியின் முடிவு என்று பிறகு சொல்லவே முடியாது.

அடுத்து எண்ணிக்கை. இதைத் தனியாக எண்ணி, தாளின் மேலே பெரிதாக எழுதிவிடுங்கள்: n = 29. இனி வரும் ஒவ்வொரு படியும் இந்த எண்ணோடு ஒத்துப்போக வேண்டும். புதியவர்கள் பலர் கடைசியில் வகுக்கும்போதுதான் n-ஐ எண்ணுகிறார்கள். அதற்குள் ஒரு மதிப்பு விடுபட்டிருந்தால், விடுபட்ட பட்டியலையே எண்ணி 28 என்று எழுதிவிடுவார்கள். கூட்டலும் வகுத்தலும் ஒன்றோடொன்று பொருந்திவிடும். பிழை வெளியே தெரியாது.

எல்லா எண்களிலும் தசம இடங்கள் ஒன்றாக இருக்கட்டும். 5.5 என்று எழுதாமல் 5.50 என்றே எழுதுங்கள். 5.5, 5.10 என்று அருகருகே இருந்தால், 10 என்பது 5-ஐவிடப் பெரியது என்று நினைத்து 5.10-ஐப் பின்னால் தள்ளுபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

## 2. ஏறுவரிசையில் அடுக்குதல்

பட்டியலைப் பார்த்துப் பார்த்து மிகச் சிறியது எது, அடுத்தது எது என்று தேடிப் பொறுக்குவதுதான் பெரும்பாலானோரின் வழக்கம். பத்து எண்கள் வரை அது சரிப்படும். 29 எண்களுக்கு அது ஆபத்தானது. 29 முறை முழுப் பட்டியலையும் கண்ணால் துழாவ வேண்டியிருக்கும். எங்கேயோ ஒன்று தப்பிவிடும்.

இரண்டு கட்டமாகச் செய்வது நல்லது. முதலில் 4.8, 4.9, 5.0 என்று தலைப்புகளை இடப்பக்கம் எழுதிக்கொள்ளுங்கள். மூலப் பட்டியலை முதலிலிருந்து ஒரே ஒரு முறை படித்துக்கொண்டே போய், ஒவ்வோர் எண்ணின் கடைசி இலக்கத்தை மட்டும் அதற்குரிய தலைப்பின் எதிரே எழுதுங்கள். எழுதியதை மூலத்தில் பென்சிலால் அடித்துவிடுங்கள்.

```
4.8 | 8
4.9 |
5.0 | 7
5.1 | 0
5.2 | 6 9 9 7
5.3 | 6 4 9 4 0
5.4 | 4 2 7 6
5.5 | 0 5 8 7 3
5.6 | 1 5 2 3 8
5.7 | 9 5
5.8 | 5
```

இனி ஒவ்வொரு வரிக்குள்ளும் இருக்கும் நான்கைந்து இலக்கங்களை மட்டும் வரிசைப்படுத்தினால் போதும். 4.9-க்கு எதிரே எதுவும் இல்லை என்றாலும் அந்த வரியை விட்டுவிடாதீர்கள். அந்த வெற்றிடமே ஒரு செய்தி. 4.88 மற்ற எண்களிலிருந்து விலகித் தனியே நிற்கிறது என்பதை அதுதான் காட்டுகிறது.

அடுக்கி முடித்த பட்டியல்:

```
4.88 5.07 5.10 5.26 5.27 5.29
5.29 5.30 5.34 5.34 5.36 5.39
5.42 5.44 5.46 5.47 5.50 5.53
5.55 5.57 5.58 5.61 5.62 5.63
5.65 5.68 5.75 5.79 5.85
```

ஒரே மதிப்பு இரு முறை வந்தால் இரு முறையும் எழுத வேண்டும். 5.29 இரண்டு முறை வருகிறது, 5.34-ம் அப்படியே. "ஏற்கெனவே எழுதியாகிவிட்டதே" என்று ஒன்றை விட்டுவிடுவது மிகப் பரவலான தவறு. அப்படி விட்டால் 27 எண்கள்தான் மிஞ்சும். இடைநிலை நகர்ந்துவிடும், முகடு என்பதே காணாமல் போய்விடும்.

## 3. அடுக்கியது சரியா என்று பார்த்தல்

எண்ணிக்கையை மீண்டும் எண்ணுங்கள். 29 வர வேண்டும். பிறகு மூலப் பட்டியலை ஒரு முறையும், அடுக்கிய பட்டியலை ஒரு முறையும் தனித்தனியாகக் கூட்டுங்கள். இரண்டும் 157.99 என்று வரும். எண்களின் வரிசை மாறியிருப்பதால், இரண்டு கூட்டல்களிலும் ஒரே இடத்தில் ஒரே மாதிரி தடுமாற வாய்ப்பு மிகக் குறைவு. அதனால்தான் இது உண்மையான சரிபார்ப்பு ஆகிறது.

இரண்டு கூட்டுத்தொகைகளும் வேறுபட்டால் மலைக்க வேண்டாம். வேறுபாட்டின் அளவே பிழை எங்கே என்று சொல்லிவிடும். வேறுபாடு பட்டியலில் உள்ள ஒரு மதிப்புக்குச் சமமாக இருந்தால், அந்த மதிப்பு விடுபட்டிருக்கலாம் அல்லது இரட்டித்திருக்கலாம். வேறுபாட்டிலுள்ள தசமப் புள்ளியை நீக்கிப் பார்க்கும்போது அது 9-ஆல் வகுபட்டால், அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம். 5.34-ஐ 5.43 என்று எழுதினால் வேறுபாடு 0.09. சரியாக 0.10 அல்லது 1.00 என்று வந்தால், ஓர் இலக்கத்தை ஒன்று கூட்டியோ குறைத்தோ எழுதியிருப்பீர்கள். இந்தக் கடைசிக் குறிப்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், விரைவில் தேவைப்படும்.

## 4. இடைநிலை: இரு முனையிலிருந்தும் எண்ணுங்கள்

மூன்று அளவுகளில் முதலில் இடைநிலையைப் பார்க்கச் சொல்வேன். பட்டியல் அடுக்கப்பட்டிருக்கிறது, கணக்கே வேண்டாம், இடத்தை எண்ணினால் போதும்.

n ஒற்றைப்படை என்றால் நடு இடம் (n + 1) ÷ 2. இங்கே 30 ÷ 2 = 15. இது இடத்தின் எண். இடைநிலை என்பது அந்த இடத்தில் உள்ள மதிப்பு: 5.46. சூத்திரத்தை மனப்பாடம் செய்தவர்கள் 15 என்பதையே விடையாக எழுதிவிடுவது உண்டு. சிறியது 4.88, பெரியது 5.85 என்று முன்பே குறித்து வைத்திருந்தால், 15 அந்த எல்லைக்குள் இல்லை என்பது உடனே தெரிந்துவிடும்.

சரிபார்க்க, முன்னிருந்து 15 எண்ணுங்கள், பின்னிருந்தும் 15 எண்ணுங்கள். இரண்டு விரல்களும் ஒரே எண்ணில் வந்து நிற்க வேண்டும். இங்கே 5.46-க்கு முன்னால் 14 மதிப்புகள், பின்னால் 14 மதிப்புகள்.

அடுக்காத மூலப் பட்டியலில் 15-வது எண்ணைப் பாருங்கள்: 5.44. சரியான விடையிலிருந்து 0.02 மட்டுமே தள்ளி இருக்கிறது. அடுக்காமல் எடுத்த தவறான விடை இப்படிச் சரியானது போலவே தோற்றம் தரும் என்பதுதான் இதில் உள்ள சிக்கல். திரும்ப வரும் மதிப்புகளை நீக்கியவருக்கு 27 எண்களில் 14-வதாக 5.47 கிடைக்கும். அதுவும் நம்பும்படியாகவே இருக்கும். விடை பொருத்தமாகத் தெரிகிறதா என்று பார்ப்பது இங்கே போதாது. மூலப் பட்டியலில் விடையைவிடச் சிறியவை 14, பெரியவை 14 இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்ப்பதுதான் காட்டிக்கொடுக்கும்.

n இரட்டைப்படை என்றால் நடுவில் இரண்டு மதிப்புகள் இருக்கும், அவற்றின் சராசரியை எடுக்க வேண்டும். முதல் கம்பியின் ஆறு முடிவுகளை மட்டும் அடுக்கினால் 4.88, 5.07, 5.26, 5.50, 5.55, 5.61 என்று வரும். மூன்றாவதும் நான்காவதும் 5.26, 5.50. இடைநிலை (5.26 + 5.50) ÷ 2 = 5.38. இந்த 5.38 பட்டியலில் எங்கும் இல்லை, இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. பட்டியலில் உள்ள எண்ணே வேண்டும் என்று கருதி இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது தவறு.

## 5. கூட்டுச்சராசரி: விலக்கங்களால் சரிபார்த்தல்

157.99 ÷ 29 = 5.448 (மூன்று தசம இடங்களுக்கு). இதை மீண்டும் கூட்டி வகுத்துப் பார்ப்பதை விட்டுவிட்டு, விலக்க முறையில் பாருங்கள்.

நடுவாக ஒரு வசதியான எண்ணை ஊகச் சராசரியாக வைத்துக்கொள்வோம், 5.45. ஒவ்வொரு மதிப்பும் அதிலிருந்து எத்தனை நூறில் ஒரு பங்கு விலகியிருக்கிறது என்று எழுதுவோம். 5.44 என்றால் −1, 5.50 என்றால் +5, 4.88 என்றால் −57. பட்டியல் ஏற்கெனவே அடுக்கப்பட்டிருப்பதால் முதல் 14 மதிப்புகளும் குறை விலக்கங்கள், பின் 15-ம் மிகை விலக்கங்கள். குறிகள் கலந்து வராது. அடுக்காத பட்டியலில் இதையே செய்தால் + − குறிகளில் ஒன்றாவது தடம் புரளும்.

```
குறை: 57 38 35 19 18 16 16
      15 11 11 9 6 3 1      = 255
மிகை: 1 2 5 8 10 12 13 16
      17 18 20 23 30 34 40  = 249
```

மிகையிலிருந்து குறையைக் கழித்தால் −6. அதை 29-ஆல் வகுத்தால் −0.2, அதாவது நூறில் ஒரு பங்கின் ஐந்தில் ஒரு பகுதி. 5.45-லிருந்து 0.002 கழித்தால் 5.448. நேர்வழியில் கிடைத்த விடையேதான். இந்த வழியில் பெரிய எண்களைக் கூட்டவே இல்லை. அதனால் முதல் கூட்டலில் நேர்ந்திருக்கக்கூடிய தடுமாற்றம் இதற்குள் வர இடமில்லை.

கடைசியில் 29-ஆல் வகுக்க மறக்காதீர்கள். விலக்கங்களைக் கூட்டிவிட்டு வகுக்க மறந்து, 5.45 − 0.06 = 5.39 என்று எழுதுபவர்கள் உண்டு. கிடைத்த விடை இடைநிலையிலிருந்து கணிசமாகத் தள்ளிப் போனால், இந்தப் படியைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

## 6. வேறொருவர் சொன்ன சராசரியைச் சோதித்தல்

இப்போது கேவண்டிஷ் எழுதிய 5.48-க்கு வருவோம். நமக்கு வந்தது 5.448. வேறுபாடு 0.03-தானே என்று விட்டுவிடலாமா? கூடாது. சராசரியில் தெரியும் வேறுபாடு, மூலத்தில் இருந்த பிழையை n-ஆல் வகுத்துச் சுருக்கிக் காட்டுவது. அதைத் திரும்ப n-ஆல் பெருக்கி விரித்துப் பார்க்க வேண்டும்.

சராசரி 5.48 என்றால் கூட்டுத்தொகை 5.48 × 29 = 158.92 இருந்திருக்க வேண்டும். 5.48 என்பது முழுமையாக்கப்பட்ட எண், உண்மையில் 5.475-க்கும் 5.485-க்கும் இடையில் எதுவாகவும் இருந்திருக்கலாம். ஆக, கூட்டுத்தொகை 158.775-க்கும் 159.065-க்கும் இடையே இருந்திருக்க வேண்டும். நம் கூட்டுத்தொகை 157.99 அதற்குள் அடங்கவில்லை. எனவே முழுமையாக்கியதால் வந்த வேறுபாடு என்று சொல்லிவிட முடியாது.

எவ்வளவு குறைகிறது? 0.785 முதல் 1.075 வரை. இந்த இடைவெளிக்குள் 1.00 இருக்கிறது. மூன்றாம் படியில் சொன்னதை நினைவுகூருங்கள்: சரியாக 1.00 என்றால் முழு எண் இலக்கம் ஒன்று மாறியிருக்கலாம். 5 என்று எழுத வேண்டியதை 6 என்றோ, 4 என்பதை 5 என்றோ எடுத்திருக்க வேண்டும். அடுக்கிய பட்டியலின் தலையில் 4-ல் தொடங்கும் எண் ஒன்றே ஒன்று நிற்கிறது: 4.88. அதை 5.88 என்று வைத்தால் கூட்டுத்தொகை 158.99, சராசரி 5.482. முழுமையாக்கினால் 5.48.

ஊகத்தோடு நின்றுவிடாமல் இன்னொரு கோணத்திலும் பார்க்கலாம். முதல் கம்பியின் ஆறு முடிவுகளுக்குச் சராசரி 5.48, இரண்டாவது கம்பியின் 23 முடிவுகளுக்கும் 5.48 என்று கேவண்டிஷ் தனித்தனியாகவும் எழுதியிருக்கிறார். இரண்டாவது கம்பியின் கூட்டுத்தொகை 126.12, அதை 23-ஆல் வகுத்தால் 5.483. சரி. முதல் கம்பியின் கூட்டுத்தொகை 31.87, ஆறால் வகுத்தால் 5.31 மட்டுமே. அங்கேயும் 1.00 சேர்த்தால் 32.87 ÷ 6 = 5.478. ஆக, பிழை முதல் ஆறுக்குள்தான் இருக்கிறது. 4.88 மூலப் பட்டியலில் மூன்றாவது எண். வரிசை எண்களைக் காப்பாற்றி வைத்ததன் பலன் இதுதான்.

இந்தச் சராசரி தவறாகக் கணக்கிடப்பட்டிருப்பதை, அதே சோதனையை மீண்டும் செய்த பிரான்சிஸ் பெய்லி 1843-ல் சுட்டிக்காட்டினார்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பூமியின் அடர்த்தி தண்ணீரைப் போல் சுமார் 5.51 மடங்கு என்பது இன்று நமக்குத் தெரியும். தவறான 5.48 அதற்கு அருகிலும், சரியாகக் கணக்கிட்ட 5.448 சற்றுத் தள்ளியும் இருக்கின்றன. அதற்காக 5.48-ஐ வைத்துக்கொள்ள முடியாது. நாம் சரிபார்ப்பது இந்த 29 எண்களின் சராசரியை. அளவீடு எவ்வளவு துல்லியமானது என்பது தனிக் கேள்வி.

## 7. முகடு: விடை வந்துவிட்டது என்று நின்றுவிடாதீர்கள்

அடுக்கிய பட்டியலில் ஒரே மதிப்புகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதால் முகட்டைக் கண்டுபிடிப்பது எளிது. 5.29-ன் நிகழ்வெண் 2, 5.34-ன் நிகழ்வெண் 2, மற்றவை ஒவ்வொரு முறை. இரண்டு முகடுகள், இரண்டையும் எழுத வேண்டும். இரண்டின் சராசரியை எடுத்து 5.315 என்று எழுதக் கூடாது. இடைநிலைக்கான விதியை இங்கே கொண்டுவந்து ஒட்டுவதால் வரும் தவறு இது.

ஆனால் இந்த முகடுகளுக்கு ஏதாவது பொருள் உண்டா? இரண்டு தசம இடம் வரை அளந்த எண்களில் இரண்டு மதிப்புகள் ஒன்றாக அமைவது பெரும்பாலும் தற்செயல்தான். இதைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. எண்களை ஒரு தசம இடத்துக்கு முழுமையாக்கிப் பாருங்கள். 5.3 ஏழு முறை வருகிறது, 5.6 ஆறு முறை வருகிறது. முகடு 5.3. இப்போது முழுமையாக்காமல், இரண்டாம் படியில் எழுதிய தலைப்புகளின்படி எண்ணுங்கள். 5.3, 5.5, 5.6 மூன்றுக்கும் ஐந்தைந்து. முகடு மூன்றாகிவிட்டது. வெட்டும் இடத்தைச் சற்று மாற்றினால் முகடும் மாறிவிடுகிறது என்றால், அந்தத் தரவுக்கு முகடு ஏற்ற அளவு இல்லை. காலணி அளவு, வீட்டில் உள்ள ஆட்களின் எண்ணிக்கை போன்ற, முழு எண்களாக வரும் தரவுகளில்தான் முகடு பேசும்.

எல்லா மதிப்புகளும் ஒவ்வொரு முறை மட்டுமே வந்தால் முகடு இல்லை என்று எழுதுங்கள். 0 என்று எழுதினால், 0 என்ற மதிப்புதான் அதிக முறை வந்தது என்று பொருளாகிவிடும்.

## 8. மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தல்

சராசரி 5.448, இடைநிலை 5.46. சராசரி சற்றுக் கீழே இருக்கிறது. காரணம் தெரியாவிட்டால் சரிபார்ப்பு முடியவில்லை என்று பொருள். இடப்பக்கக் கோடியில் நிற்கும் 4.88-ன் மீது சந்தேகம் வருகிறது. அதை மட்டும் தற்காலிகமாக எடுத்துவிட்டுப் பாருங்கள்: 153.11 ÷ 28 = 5.468. இடைநிலை 5.46, 5.47 இரண்டின் நடுவே 5.465. இடைவெளி கிட்டத்தட்ட மறைந்துவிட்டது. ஆக, சராசரியைக் கீழே இழுத்தது அந்த ஓர் எண்தான்.

4.88-ஐ 5.88 என்று மாற்றினால் சராசரி 0.034 ஏறுகிறது, இடைநிலை 5.46-லிருந்து 5.47-க்கு மட்டும் நகர்கிறது. ஓரத்தில் உள்ள ஓர் எண்ணில் வரும் பிழை சராசரியை எவ்வளவு ஆட்டும், இடைநிலையை எவ்வளவு குறைவாக ஆட்டும் என்பதை இந்த இரண்டு எண்களே காட்டிவிடுகின்றன.

முகடு = 3 × இடைநிலை − 2 × சராசரி என்ற சூத்திரத்தை வைத்துச் சரிபார்க்கலாமா என்று மாணவர்கள் கேட்பார்கள். வேண்டாம். இங்கே அது 5.484 தரும். அப்படி ஒரு மதிப்பு பட்டியலிலேயே இல்லை. அது ஓரளவு சாய்ந்த பெரிய தரவுகளுக்கான தோராய உறவு. சிறு பட்டியலில் அது பொருந்தாவிட்டால் உங்கள் கணக்கு தவறு என்று ஆகாது.

## 9. கணினியில் செய்தால்

விரிதாளில் A1 முதல் A29 வரை எண்களை இட்டிருந்தால் இந்த நான்கும் போதும்:

```
=COUNT(A1:A29)
=AVERAGE(A1:A29)
=MEDIAN(A1:A29)
=MODE.MULT(A1:A29)
```

முதல் வரியை யாரும் போடுவதில்லை. அதுதான் முக்கியம். ஒரு கட்டத்தில் எண்ணுக்குப் பதில் உரையாக "5.3O" என்று ஆங்கில எழுத்து ஓ விழுந்திருந்தால், `AVERAGE` அதைச் சத்தமில்லாமல் விட்டுவிட்டு மற்ற 28-க்குச் சராசரி சொல்லும். `COUNT` 28 என்று காட்டினால்தான் உங்களுக்குத் தெரியவரும். பழைய `MODE` கட்டளை இரண்டு முகடுகள் இருந்தாலும் ஒன்றை மட்டுமே தரும். வரிசைப்படுத்தும்போது வரிசை எண் உள்ள பத்தியையும் சேர்த்துத் தேர்ந்தெடுங்கள். மதிப்புகளின் பத்தியை மட்டும் அடுக்கினால் எண்கள் ஒருபுறமும் அவற்றின் அடையாளம் மறுபுறமும் பிரிந்துபோகும்.

## 10. விடையை எழுதும் விதம்

n = 29, கூட்டுத்தொகை 157.99, சராசரி 5.448, இடைநிலை 5.46, முகடு 5.29 மற்றும் 5.34 (நிகழ்வெண் 2, பொருள் கொள்ள வேண்டாம்). கூட்டுத்தொகையையும் எழுதுவது, படிப்பவர் ஆறாம் படியைத் தாமே செய்து பார்க்க உதவும். 4.88 போன்ற விலகி நிற்கும் எண்ணை நீக்கிவிடாதீர்கள். அது எந்த வரிசை எண்ணில், எந்தக் கம்பியில் வந்தது என்று குறித்து, அதைச் சேர்த்த சராசரியையும் விட்ட சராசரியையும் அடுத்தடுத்து எழுதுங்கள்.